பின்சீட்டே இல்லாத தேசம்

இந்தியாவிலேயே கொடுத்துவைத்த ஸ்கூட்டர்க்காரர் சோதனைக்கூடத்தில் இருக்கிறார். எடை 75 கிலோ, கூடாது, குறையாது. கல்யாணம் ஆகவில்லை, ஆகியிருந்தால் மனைவி பஸ்ஸில் போகிறார். சாப்பாட்டுக் கேரியர் கிடையாது, காய்கறிப் பை கிடையாது. உருளைகளின் மேல் நிற்கும் வண்டியில், 108 நொடிக்கு ஒரு சுற்று என்று ஒரே தாளத்தில் ஓட்டுகிறார். உச்ச வேகம் மணிக்கு 42 கிலோமீட்டர், சராசரி 22. மேடு என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. பேட்டரியும் புத்தம் புதுசு. இந்த மகானுபாவர் சார்ஜ் தீரும்வரை ஓட்டிய தூரம்தான் ‘ஐ.டி.சி. ரேஞ்ச்’ என்ற பெயரில் சான்றிதழ் ஏறி, ஷோரூம் பலகையில் ஆளுயரத்துக்கு நிற்கிறது.

அந்த எண்ணில் நாட்டுக்காரன் பணமும் இருக்கிறது. 2019-இல் தொடங்கி 2024 மார்ச்சில் முடிந்த ஃபேம் இரண்டாம் கட்டத்தில், மானியம் வேண்டுமென்றால் வண்டி குறைந்தது 80 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று அரசு நிபந்தனை போட்டது. எங்கே ஓட வேண்டும்? உருளை மேல்தான். உருளை ஓடியது, மானியமும் ஓடியது.

கம்பெனிகளுக்கு உண்மை தெரியாது என்று யாரும் இரக்கப்பட வேண்டாம். பெங்களூரில் இருந்துகொண்டு ஓசூரில் வண்டி செய்யும் ஏத்தர், 2022-இல் விட்ட 450எக்ஸ் மாடலுக்குச் சான்றளித்த ரேஞ்ச் 146 என்றும், நிஜ ரேஞ்ச் 105 என்றும் தானே இரண்டு எண்களைச் சொன்னது. அந்த யோக்கியதையை மெச்சலாம். ஆனால் ஒரே வண்டிக்கு ‘நிஜம்’ என்று தனியாக ஓர் எண் தேவைப்படுகிறது என்றால், முத்திரை குத்தித் தந்த இன்னோர் எண்ணுக்கு என்ன பெயர்?

சரி, நம் பெங்களூர் ஸ்ரீராம்புரத்துக்கு வருவோம். இங்கே பின்சீட்டு காலியாகப் போகும் வண்டியைக் காலை எட்டரை மணிக்குக் காட்டுங்கள், பார்ப்போம். ஒரு தம்பதியை வைத்துக் கணக்குப் போடலாம். அவருக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, மனைவிக்கு பொம்மனஹள்ளி கார்மெண்ட்ஸில். ஓகளிபுரம் சப்வேயில் இறங்கி ஏறி, மெஜஸ்டிக், டவுன் ஹால், டெய்ரி சர்க்கிள், சில்க் போர்டு. ஒரு வழி சுமார் 24 கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி இரண்டு பேராக. போக வர 48. வண்டி, ஆள், ஆள், பைகள் எல்லாம் சேர்ந்து 250 கிலோ.

பேட்டரியில் பயன்படும் மின்சாரம் 3 யூனிட், அதாவது 3,000 வாட்-அவர் என்று கொள்வோம். சோதனைக்கூடத்து மகானுபாவருக்குக் கிலோமீட்டருக்கு 25 போதும். ஆகவே பலகையில் 120. நம் தம்பதிக்கு எவ்வளவு?

எல்லோரும் மேட்டைத்தான் திட்டுவார்கள். மேடு அவ்வளவு பெரிய திருடன் இல்லை. 250 கிலோவை ஏழு மீட்டர் உயர மேம்பாலத்தில் ஏற்ற ஐந்து வாட்-அவர் போதும். மோட்டாரில் வீணாவதைச் சேர்த்தால் ஆறு. அதே எடையை சிக்னலில் நிறுத்தி, மறுபடி 40 வேகத்துக்குக் கொண்டுபோகவும் ஏறக்குறைய அதே செலவு. மேம்பாலமாவது மறுபக்கம் இறங்கும்போது கொஞ்சம் திருப்பித் தரும். சிக்னலில் பிரேக் பிடிக்கும்போதும் மோட்டார் கொஞ்சம் மீட்கும்தான். ஆனால் முன்னால் ஆட்டோ திடீரென்று நின்றால் நீங்கள் மீட்பைப் பற்றி யோசிக்க மாட்டீர்கள், கைப்பிடி பிரேக்கை அழுத்துவீர்கள், மின்சாரம் சூடாகிப் போகும். பின்சீட்டுக்காரர் செலவு வைப்பதும் இங்கேதான்: சமதரையில் சீராகப் போனால் அவருடைய பாரம் அவ்வளவாகத் தெரியாது, நின்று நின்று கிளம்பும்போதுதான் தெரியும். அப்புறம் ஓசூர் ரோட்டில் கொஞ்சம் வழி கிடைத்தால் 60-இல் விடுவோம். 42-இல் தள்ளும் காற்றைவிட 60-இல் இரண்டு மடங்கு காற்று எதிரே தள்ளும்.

இதையெல்லாம் கூட்டினால் கிலோமீட்டருக்கு 36 என்பது நியாயமான மதிப்பு. 3,000-ஐ 36-ஆல் வகுத்தால் 83. பலகையில் 120, தெருவில் 83, அதுவும் முதல் நாளிலேயே.

அந்த 83-ஐயும் முழுசாக எண்ணக் கூடாது. மேடு தன் வேலையைக் காட்டுவது இங்கேதான். அது மின்சாரத்தை அதிகம் தின்னாது, ஆனால் ஒரே மூச்சில் கேட்கும். இரண்டு பேரோடு ஏற்றத்தில் போகும்போது பேட்டரியிலிருந்து கரண்ட் பலமாக இழுக்கப்படுகிறது, வோல்டேஜ் தொய்கிறது. சார்ஜ் கடைசி 15, 20 சதவீதத்தில் இருந்தால் ஏற்கெனவே வோல்டேஜ் தாழ்ந்திருக்கும். இன்னும் தொய்ந்தால் செல்கள் கெடும் என்று பேட்டரியைக் காக்கும் சர்க்யூட் கையைக் கட்டிவிடும். திரையில் 14 சதவீதம் மின்னும், வண்டி டெய்ரி சர்க்கிள் மேம்பாலத்தில் நடைவண்டி போல ஏறும், பின்னால் டெம்போக்காரர் உங்கள் குலத்தையே விசாரிப்பார். சமதரையில் அந்த 14 சதவீதம் மெல்ல மெல்ல ஓடும். மேட்டில் அது இருந்தும் இல்லை. வயதாக ஆக செல்களின் உள் தடை கூடும், தொய்வு இன்னும் சீக்கிரம் வரும். ஆகவே பழைய பேட்டரிக்கு 20 சதவீதத்தைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும்.

போடுவோம். இப்போது பெரிய கம்பெனிகள் எட்டு வருடம், 80,000 கிலோமீட்டர் என்று நீட்டித்த வாரண்டி விற்கின்றன. பேட்டரியின் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் கேள்வி கேட்கலாம் என்பது அதில் வழக்கமாகப் போடும் கோடு. 70-இல் நிற்கும் பேட்டரியில் 2,100 வாட்-அவர் இருக்கும். 36-ஆல் வகுத்தால் 58. மேட்டுக்கு உதவாத 20 சதவீதத்தைக் கழித்தால் 47. தம்பதிக்குத் தேவை 48.

120 என்று விற்ற வண்டி 48-க்குப் போதவில்லை. ஆனால் வாரண்டி விதிப்படி அதற்கு ஒரு நோயும் இல்லை. சர்வீஸ் சென்டரில் கொண்டுபோய் நிறுத்தினால், “பேட்டரி ஹெல்த் நல்லா இருக்கு சார், உங்க ரைடிங் ஸ்டைல்தான்” என்பார்கள். மனைவியைப் பின்னால் உட்கார வைப்பதற்கு இவர்கள் வைத்திருக்கும் தொழில்நுட்பப் பெயர் ரைடிங் ஸ்டைல்.

அவர்கள் சொல்லும் சதவீதத்தை வீட்டிலேயே சோதிக்கலாம். பிளக்கில் மாட்டும் சின்ன யூனிட் மீட்டர் ஒன்று வாங்கி, 20-இலிருந்து 100 வரை சார்ஜ் ஏற எத்தனை யூனிட் போகிறது என்று எழுதி வையுங்கள். நம் மூன்று யூனிட் பேட்டரி புதிதாக இருக்கையில், சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து 2.7 அளவில் காட்டும். சில வருடம் கழித்து அதே 80 சதவீதத்துக்கு 2.1 காட்டினால், கொள்ளளவு ஏறக்குறைய முக்கால்வாசி ஆகிவிட்டது என்று அர்த்தம். திரையில் தெரியும் சதவீதமே வண்டி போடும் மதிப்பீடு. ஆகவே ஒரு தடவை பார்த்து முடிவு கட்டாமல் சில தடவை பாருங்கள். ஸ்ரீராம்புரத்துச் சந்தில், மூன்றாம் மாடியிலிருந்து ஒயர் தொங்கவிட்டு சார்ஜ் போடும் குடித்தனக்காரர் இதையும் செய்ய வேண்டியிருக்கிறது. ஏனென்றால் செய்ய வேண்டியவர்கள் செய்யவில்லை.

பிஸ்கட் பாக்கெட்டில் ஐந்து கிராம் குறைந்தால் வழக்குப் போடச் சட்டம் இருக்கிறது. லட்ச ரூபாய் வண்டியில் 37 கிலோமீட்டர் குறைந்தால் அதற்கு ‘ஓட்டும் சூழலைப் பொறுத்தது’ என்று நட்சத்திரக் குறி போட்டால் போதும். கம்பெனிக்காரர்களே, பலகையில் இன்னும் இரண்டே எண்கள் எழுதுங்கள்: இரண்டு பேரோடு எவ்வளவு, பேட்டரி 70-க்கு வந்தபின் அதே இரண்டு பேரோடு எவ்வளவு. உருளை உங்களிடமே இருக்கிறது. அதில் அறுபது கிலோ மூட்டையைக் கூடுதலாக ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். அரிசி மூட்டை கிடைக்கவில்லையென்றால் ஸ்ரீராம்புரத்தில் வந்து கேட்கலாம், நாங்களே தூக்கிக்கொண்டு வருகிறோம்.