பீரோவில் இருந்த லாபம்

ஃபெட் வட்டி முடிவு வரும் வாரம். நண்பர் தன் 1 பிட்காயினை விற்க மாட்டார், பேரனுக்காம். பதிலுக்கு 60,000 டாலரில் அதே அளவுக்கு பெர்பெச்சுவல் ஷார்ட் போட்டார். விழுந்தால் ஷார்ட் காக்கும், ஏறினால் காயின் காக்கும். எட்டு மணிக்கொரு தரம் ஃபண்டிங் வேறு இவர் கணக்கில் விழ, காபிச் செலவு தீர்ந்தது என்றார்.

மார்ஜின் மட்டும் 6,000, பத்து மடங்கு லெவரேஜ். புதன் இரவு விலை 66,000-ஐத் தொடும் முன்பே ஷார்ட் லிக்விடேட் ஆனது. ஏறக்குறைய அதே தொகை காயினில் லாபமாக இருந்தது. ஆனால் காயின் பீரோவுக்குள், ஹார்டுவேர் வாலட்டில். எக்ஸ்சேஞ்சுக்கு அந்த பீரோ தெரியாதே!

வெள்ளிக்கிழமை விலை 57,000. காக்க ஷார்ட் இல்லை. “பேரனோட 1 அப்படியேதான் இருக்கு சார்” என்கிறார், பீரோவைப் பூட்டியபடி.