கேளுங்கள், சொல்கிறோம்: பிரவுசரில் குடியிருப்பவர்கள்

கேள்வி: மேற்குத் தாம்பரம் முடிச்சூர் சாலையில் ஜெராக்ஸ், பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். மின்கட்டணம், டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், வில்லங்கச் சான்று என்று பலர் வருகிறார்கள். எங்கள் குரோம் பிரவுசரில் உள்ள எக்ஸ்டென்ஷன் பட்டியலைப் படம் எடுத்து அனுப்பியுள்ளேன். எதைத் தூக்குவது?

பதில்: உங்கள் படத்தில் ஆறு பேர் இருக்கிறார்கள். பெயர் தெரிகிறது, கையில் என்ன சாவி இருக்கிறது என்பது தெரியவில்லை. chrome://extensions பக்கத்தில் ஒவ்வொன்றின் கீழும் Details என்று இருக்கும். அதை அழுத்தினால்தான் Permissions, Site access பகுதிகள் வரும். Site access பகுதியில் "On all sites" என்று இருந்தால், நீங்கள் திறக்கும் எல்லாப் பக்கங்களையும் அது படிக்கலாம், மாற்றலாம். வாடிக்கையாளர் அடிக்கும் பாஸ்வேர்டும் ஓடிபியும் இதில் அடக்கம்.

அந்த வரியைப் பார்த்ததும் அழித்துவிட வேண்டாம். 'இந்த வேலைக்கு இந்த அனுமதி தேவையா?' என்று மட்டும் கேளுங்கள். விளம்பரத் தடுப்பானுக்குத் தேவை. எல்லாப் பக்கங்களையும் பார்க்காமல் விளம்பரத்தை எப்படி நீக்கும்? யார் செய்தது என்று தெரிந்தால் இருக்கட்டும். தமிழ் டைப்பிங் எக்ஸ்டென்ஷனும் நியாயமாகத்தான் கேட்கிறது. ஆனால் விண்டோஸிலேயே தமிழ் விசைப்பலகை இருக்கிறது. அதைச் சேர்த்துக்கொண்டு இதை அனுப்பிவிடலாம்.

பிடிஎஃப் மாற்றியின் வேலை, நீங்கள் கொடுக்கும் கோப்பை மாற்றுவது. மின்வாரியப் பக்கத்தில் அதற்கு என்ன வேலை? Remove. கூப்பன் தேடித் தருவது, நீங்கள் எந்தக் கடையில் இருக்கிறீர்கள் என்று அறியவே எல்லாப் பக்கங்களையும் பார்க்கும். உங்கள் கடையில் கூப்பனுக்கு இடமில்லை. Remove. வீடியோ டவுன்லோடர் யாரோ வந்துபோனவர் போட்டதாகத்தான் இருக்கும். அதுவும் Remove.

மிஞ்சுவது ஸ்க்ரீன்ஷாட் எடுப்பது. அதன் Details பக்கத்தில் Site access என்ற இடத்தில் On click என்று மாற்றுங்கள். நீங்கள் அழுத்தினால் மட்டுமே அந்தப் பக்கத்தைத் தொடும். Windows + Shift + S அழுத்தினாலே படம் எடுக்கலாம் என்பதால், இதையும் நான் வைத்திருக்க மாட்டேன்.

வங்கி வேலைக்கு வருபவருக்கு Guest விண்டோவைத் திறந்து கொடுங்கள். அதில் உங்கள் எக்ஸ்டென்ஷன்கள் ஓடாது. முடித்ததும் மூடிவிட்டால் அவர் லாகின் செய்ததும் அழிந்துபோகும்.

கேள்வி: லட்சக்கணக்கானோர் போட்டிருக்கிறார்கள், நட்சத்திரமும் நிறைய. அப்புறம் என்ன பயம்? (சேலையூர்)

பதில்: தி கிரேட் சஸ்பெண்டர் என்று ஒன்று இருந்தது. பயன்படுத்தாத டேப்களைத் தூங்கவைத்து நினைவகத்தை மிச்சப்படுத்தும். 20 லட்சம் பேருக்கு மேல் வைத்திருந்தார்கள், கெட்ட பெயர் இல்லை. 2020 ஜூனில் அதைச் செய்தவர் வேறொருவருக்கு விற்றார். அந்த அக்டோபரில் வந்த புதுப் பதிப்பில் சந்தேகத்துக்குரிய நிரல் இருப்பதைக் கவனமானவர்கள் கண்டுபிடித்துக் கூச்சலிட்டார்கள். 2021 பிப்ரவரியில்தான் கூகுள் அதைத் தீங்கானது என்று நீக்கியது.

அனுமதியின் விஷயமே இங்கேதான் இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். புதுப் பதிப்பு எச்சரிக்கைக்குரிய கூடுதல் அனுமதி கேட்டால் குரோம் அதை நிறுத்திவைத்து உங்களிடம் கேட்கும். எல்லாத் தளங்களுக்கும் ஏற்கெனவே இசைந்திருந்தால், அந்த எல்லைக்குள் புதிதாக எதைச் செய்தாலும் கேள்வி வராது. முதலாளி மாறினாலும் சாவி மாறுவதில்லை. நீங்கள் பார்த்த நட்சத்திரங்கள் பழைய முதலாளிக்குப் போட்டவை.

விற்கவே வேண்டாம், ஏமாந்தாலும் போதும். 2024 டிசம்பரில் பாதுகாப்பு நிறுவனமான சைபர்ஹேவனின் ஊழியர் ஒருவர் போலி மின்னஞ்சலில் சிக்கினார். கிறிஸ்துமஸ் நேரத்தில் அவர்களுடைய எக்ஸ்டென்ஷனின் பெயரிலேயே திருட்டுப் பதிப்பு வெளிவந்தது. ஒரு நாளைக்குள் எடுத்துவிட்டார்கள். அதற்குள் போய்ச் சேர்ந்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

கேள்வி: முகவரியில் https இருந்தால் எக்ஸ்டென்ஷன் படிக்க முடியாதுதானே? (பெருங்களத்தூர்)

பதில்: முடியும். https வழியில் போகும்போதுதான் காக்கும். எக்ஸ்டென்ஷன் உங்களோடு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து படிக்கிறது.

கேள்வி: சந்தேகப்பட்டதை நீக்கிவிட்டேன். நிம்மதியாகத் தூங்கலாமா? (குரோம்பேட்டை)

பதில்: இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது. நீக்கினால் இனிமேல் படிக்காது. எடுத்துப்போனது திரும்பி வராது. லாகின் குக்கி போயிருந்தால், பாஸ்வேர்டு தெரியாமலே வேறொருவர் உங்கள் மின்னஞ்சலுக்குள் இருக்கலாம். அதனால் முதலில் எக்ஸ்டென்ஷனை நீக்குங்கள். அடுத்து மின்னஞ்சல் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறுங்கள். பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள். மின்னஞ்சலை முடித்துவிட்டு வங்கிக்குப் போங்கள். வரிசையை மாற்றினால், புதுப் பாஸ்வேர்டையும் அதே எக்ஸ்டென்ஷன் படித்துவிடும்.

நீக்க முடியாமல், நிர்வாகி நிறுவியது என்று ஒன்று நின்றால், அலுவலகக் கணினியில் அது இயல்பு. சொந்தக் கணினியில் அப்படி வந்தால் chrome://policy பக்கத்தைத் திறந்து, விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். கணக்கில் பணம் குறைந்திருந்தால் காத்திருக்காமல் 1930 எண்ணை அழையுங்கள்.