சீவாளியின் சத்தம் அங்கேயே பதிவாக வேண்டும்

1990-களில் தொலைபேசிப் பேட்டியைக் கேசட்டில் பிடிக்க எங்களிடம் இருந்த கருவி மிக எளிமையானது. ஒரு சின்ன ரப்பர் குமிழ், அதற்குள் கம்பிச் சுருள், அதிலிருந்து ஒரு ஒயர். குமிழை ரிசீவரின் முதுகில் ஒட்டி, ஒயரை டேப் ரெக்கார்டரின் மைக் துளையில் செருகுவோம். எதிர்முனையில் பேசுகிறவரின் குரல் கேசட்டில் ஏறிவிடும். ஆனால் ஏறுவது அவருடைய முழுக்குரல் அல்ல. தொலைபேசிக் கம்பி சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தியது. நெஞ்சிலிருந்து வரும் அடிக்குரலின் கனம் அதற்குக் கீழே நின்றுவிடும்; பல்லில் உரசி வரும் ‘ஸ’வின் கூர்மை அதற்கு மேலே போய்விடும். செய்திக்கு அது போதும். நாகஸ்வரத்துக்குப் போதாது.

அதனால்தான் நாகஸ்வரம் செய்கிற ஆசாரிகளிடம் பேச வேண்டுமென்றால் இரவுப் பேருந்து ஏறி நரசிங்கம்பேட்டைக்கே போய்விடுவோம். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகிற வழியில், ஆடுதுறைக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் நன்றாக உலர்ந்த ஆச்சா மரத்தை வாங்கி, கடைந்து, துளையிட்டு நாகஸ்வரம் செய்கிறார்கள். மைக்கை ஆசாரியாரின் முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துப் பேசச் சொல்வோம். அவர் வாத்தியத்தை எடுத்தால் மைக்கைத் தூக்கிக்கொண்டு நாலைந்து அடி பின்னால் போவோம். பயணம் நீண்டது, செலவும் உண்டு. ஆனால் ஒலி பிறந்த இடத்திலேயே பதிவானது.

இப்போது இடுப்புவலி என்னைப் பேருந்தில் ஏற விடுவதில்லை. போன வருடம் அதே ஊரில் ஒரு முதிய ஆசாரியாரிடம் வீடியோ அழைப்பில்தான் பேச முடிந்தது. நான் கேட்க விரும்பியது ஒரே விஷயம். குட்டையாக, உச்ச சுருதியில் ஒலிக்கும் திமிரி நாகஸ்வரத்துக்கும், நீளமான பாரி நாகஸ்வரத்துக்கும் ஒலியில் என்ன வித்தியாசம்? அதை அவர் வாயால் சொல்வதோடு வாசித்தும் காட்ட வேண்டும்.

இந்த இடத்தில்தான் வீடியோ அழைப்பின் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அழைப்புச் செயலிகள் மனிதப் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. மின்விசிறி, மிக்ஸி, தெருவில் போகும் வண்டி என்று விடாமல் ஒரே சீராக வரும் ஒலி எதுவாக இருந்தாலும், அது இரைச்சல் என்று கணித்து அடக்கிவிடும். நாகஸ்வரத்தில் நீட்டிப் பிடிக்கும் ஒரு ஸ்வரமும் அவற்றின் கணக்கில் அப்படித்தான். ஆசாரியார் ஷட்ஜத்தைப் பிடித்தார். முதல் நொடி கேட்டது, பிறகு தேய்ந்தது, பிறகு தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் அலைந்து நின்றுவிட்டது. திரையில் அவர் கன்னம் மட்டும் உப்பியபடியே இருந்தது. ஜூம் போன்ற செயலிகளில் `Original sound for musicians` என்ற வசதியைப் போட்டால் இப்படி அடக்குவது நிற்கும். அப்போதும் இணையம் தடுமாறும்போது விழும் ஓட்டைகள் போகாது. வழியில் தொலைந்த ஒலித்துணுக்கு தொலைந்ததுதான். செயலி அந்த இடத்தை ஊகித்து நிரப்பும். அந்த ஊகத்தை வைத்துக்கொண்டு திமிரியையும் பாரியையும் ஒப்பிட முடியாது.

ஆகவே அழைப்பு உரையாடுவதற்கு மட்டும். பதிவு அங்கேயே, அவர் பக்கத்தில் நடக்க வேண்டும். என் கேள்விகளை என் கணினி பதிவு செய்யும், அவர் பதில்களை அவர் அறையில் இன்னொரு கருவி பதிவு செய்யும்; பிறகு இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். இது புதிய யோசனை அல்ல. அமெரிக்க வானொலியில் நிருபர் ஒருவர் டேப் ரெக்கார்டரோடு விருந்தினர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்ள, நிலையத்திலிருந்து தொலைபேசியில் பேட்டி எடுப்பது நெடுநாள் வழக்கம். அதற்கு டேப் சிங்க் என்று பெயர். பாட்காஸ்ட் செய்கிறவர்கள் இருமுனைப் பதிவை டபுள் எண்டர் என்கிறார்கள். அன்று நிருபர் போனார். இன்று அவர் வேலையை வீட்டிலிருக்கும் இரண்டாவது போன் செய்கிறது.

ஆசாரியாரின் பேரன் கல்லூரியில் படிக்கிறான். அழைப்பு அவன் மடிக்கணினியில், பதிவு தாத்தாவின் போனில் என்று பிரித்துக்கொண்டோம். ஒரே போனில் இரண்டையும் செய்யக் கூடாது. அழைப்பு நடக்கும்போது பல போன்கள் மைக்கை அழைப்புச் செயலிக்கே கொடுத்துவிடும். ரெக்கார்டர் ஓடுவதாகக் காட்டினாலும் கோப்பில் வெறும் மௌனமே இருக்கும்.

“அக்கா, தாத்தா போன்ல யாராவது கூப்பிட்டா?” என்று பேரன் கேட்டான். சரியான கேள்வி. அழைப்பு வந்தால் ரெக்கார்டர் நின்றுவிடும் வாய்ப்பு உண்டு. விமானப் பயன்முறையில் போடச் சொன்னேன். மேசையில் துண்டை நாலாக மடித்து, அதன் மேல் போனை வைக்கச் சொன்னேன். வெறும் மேசையில் வைத்தால் கை படும் ஒவ்வொரு தட்டலும் இடிபோல் பதிவாகும். போனின் மைக் இருக்கும் கீழ்ப்பக்கம் தாத்தாவின் வாயைப் பார்க்க வேண்டும், தூரம் ஒரு சாண். மின்விசிறியை நிறுத்தச் சொன்னதும் பெரியவர் சிரித்தார். “ஏம்மா, வேர்க்க வேர்க்கத்தான் நல்ல சேதி வருமோ?” காலை ஏழு மணிக்கு வைத்துக்கொண்டதால் அதிகம் வேர்க்கவில்லை. கடைசல் பட்டறையும் அந்த நேரத்தில் ஓடாது.

காதில் மாட்டுவது ஒயர் வைத்த இயர்போனாக இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. என் குரல் மடிக்கணினியின் ஸ்பீக்கரில் ஒலித்தால், தாத்தா பக்கத்திலிருக்கும் ரெக்கார்டர் அதையும் பிடித்துக்கொள்ளும். அழைப்புச் செயலி அந்த எதிரொலியைத் தன் பாதையில் அழித்துவிடும் என்பதால் பேசும்போது யாருக்கும் தெரியாது. தொகுக்க உட்காரும்போதுதான் அவர் பதிவில் என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும். அதை எடுக்கவே முடியாது. புளூடூத் இயர்போன் கசியாது என்றாலும், அதன் மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தினால் பெரும்பாலான கணினிகளில் ஒலித்தரம் பழைய தொலைபேசிக் குரலுக்கு அருகே இறங்கிவிடும். சார்ஜ் தீர்ந்தால் பாதியில் அழைப்பு ஸ்பீக்கருக்குத் தாவும். பெரியவர் இரண்டு காதையும் அடைத்ததும் சத்தம்போட்டுப் பேச ஆரம்பித்தார். ஒரு காதில் மட்டும் மாட்டச் சொல்லி, மற்றதைச் சட்டைப் பைக்குள் திணித்துவிட்டோம்.

வெளிச்சத்துக்கு நான் விளக்கு எதுவும் அனுப்பவில்லை. வாசல்கதவை முதுகுக்குப் பின்னால் வைத்து உட்கார்ந்திருந்தார்; கேமரா வெளி வெளிச்சத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொண்டதால் முகம் கரியாக இருந்தது. நாற்காலியைத் திருப்பி, வாசல் அவர் முகத்துக்குச் சற்றுப் பக்கவாட்டில் வரும்படி போட்டோம். நிழல் விழுந்த கன்னத்துப் பக்கம் கொடியில் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டதும் அங்கேயும் ஒளி திரும்பியது. தலைக்கு மேல் இருந்த பழைய சோக் டியூப்லைட்டை அணைக்கச் சொன்னேன். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. கேமரா 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்காக அமைக்கப்பட்டிருந்தால் படத்தில் கரும்பட்டைகள் மேலும் கீழும் ஊர்ந்துகொண்டே இருக்கும்.

இனி வாத்தியம். ஒரு சாண் தூரத்தில் வைத்த போன் பேச்சுக்குச் சரி, நாகஸ்வரத்தைத் தாங்காது. சோதனைக்காகப் பத்து நொடி வாசித்துப் போட்டுக் கேட்டபோது கரகரவென்று வெடித்தது. அலைவடிவத்தைப் பார்த்தால் மேலும் கீழும் கத்தரித்ததுபோல் தட்டையாக இருக்கும். தட்டையான இடத்தில் இருந்த ஒலியை எந்த மென்பொருளும் உண்மையாகத் திரும்பக் கொண்டுவராது. அதனால் வாசிப்பைத் தனியாக வைத்துக்கொண்டோம். அணசின் நேர்முன்னால் இல்லாமல் ஒரு பக்கமாக, எட்டடி தள்ளி போன். முதலில் திமிரி, பிறகு பாரி, இரண்டிலும் அதே ஸ்வரங்கள், போனை இடம் மாற்றாமல். அன்று நாங்கள் மைக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனது எதற்காகவோ, அதற்காகவேதான் இதுவும்.

தொடங்கும் முன்பும் முடித்த பிறகும் பெரியவரை ஒருமுறை ஓங்கிக் கைதட்டச் சொன்னேன். பொருத்துவதற்காக மட்டும் அழைப்பையும் பதிவு செய்துகொண்டேன். அந்தத் தட்டு அழைப்பின் பதிவிலும் விழும், போனின் பதிவிலும் விழும். ஆடாசிட்டியில் இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, ஊசிபோல் எழும் அந்த முனைகளைப் பொருத்தினால் அவர் பதில் என் கேள்விக்குப் பின்னால் சரியான இடத்தில் உட்காரும். என்னுடைய தனிப்பதிவையும் அதே அழைப்புப் பதிவில் என் குரலோடு பொருத்திக்கொள்வேன். முடிவில் இரண்டாவது தட்டு எதற்கு? ஒவ்வொரு கருவிக்குள்ளும் இருக்கும் கடிகாரப் படிகம் மிகச் சிறிய அளவில் வேறுபட்டு ஓடுகிறது. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்றால் ஒரு மணி நேரத்தில் நொடியில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு விலகும். தொடக்கத்தில் பொருந்தியிருந்த பேச்சு, கடைசியில் ஒருவர் முடிப்பதற்குள் இன்னொருவர் குறுக்கே விழுவதுபோல் கேட்கும். இரண்டாவது தட்டு எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, இடையில் யாரும் பேசாத இடங்களில் வெட்டிச் சிறிது சிறிதாக நகர்த்திவிட்டால் போதும்.

அன்றைய கேசட்டையும் இன்றைய கோப்பையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டிருக்கிறேன். கேசட்டில் நாடா உரசும் சீறல் உண்டு. போனின் பதிவில் அது இல்லை. சீவாளி அதிரும் ஓசை இரண்டிலும் இருக்கிறது. திமிரியின் ஒலி முன்னால் வந்து குத்துகிறது, பாரியின் ஒலி அறையை நிரப்பி நிற்கிறது. அதைக் கேட்கிறவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அழைப்பின் பதிவில் அந்த வித்தியாசம் கொஞ்சம்கூட இல்லை. நேரில் போனால் கிடைக்கும் மரத்தூள் வாசமும், பேச்சு முடிந்த பிறகு திண்ணையில் தானாக வரும் இரண்டாவது பேச்சும் வீடியோவில் கிடைக்காது என்பதையும் சொல்ல வேண்டும். போக முடிந்தவர்கள் போய்விடுவதே நல்லது.

போக முடியாமல் தொலைவிலிருந்து உங்கள் வீட்டுப் பெரியவரையோ ஒரு கைவினைஞரையோ பதிவு செய்யப் போகிறீர்கள் என்றால் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அங்கே பதிவான கோப்பை டிரைவில் ஏற்றி வாங்கி, உங்கள் கணினியில் முதலிலிருந்து கடைசிவரை கேட்டு முடிக்கும்வரை, அந்தப் போனிலிருந்து அதை அழிக்க விடாதீர்கள்.