தேதி பிடிப்பவர்

ராசிபுரம் வட்டாரத்துத் தனியார் கலை அறிவியல் கல்லூரிகளின் அலுவலகங்களில், தேதி பிடிப்பவர் என்று அழைக்கத்தக்க ஒரு வகையினர் உண்டு. பணிப்பதிவேட்டில் அவர் கண்காணிப்பாளர் என்றே குறிக்கப்பட்டிருப்பினும், ஆசிரியர் நேர்காணல் அறிவிக்கப்பட்ட நாள்முதல் அவருடைய ஒரே தொழில், ஆளுக்கொரு திசையில் இருக்கும் ஏழு பெரியவர்களை ஒரே மேசையைச் சுற்றி உட்காரவைப்பதாகிவிடும்.

ஏழு என்பது அவர் விரும்பித் தேர்ந்த எண்ணன்று. உதவிப் பேராசிரியர் தேர்வுக் குழுவில் நிர்வாகக் குழுத் தலைவர், முதல்வர், துறைத்தலைவர், துணைவேந்தரின் நியமன உறுப்பினர் இருவர், வெளிக் கல்லூரிப் பாட வல்லுநர் இருவர் ஆகியோர் இருக்கவேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஆம் ஆண்டு விதிமுறைகள் கூறுகின்றன. துணைவேந்தர் அனுப்பும் இருவரில் ஒருவரும் பாட வல்லுநரே என்பதால் வல்லுநர்கள் மூவராகின்றனர். கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாவதற்கு வேண்டிய குறைந்தபட்ச வருகை, ஐவர் என்றும் அவர்களுள் வல்லுநர் இருவரேனும் இருக்கவேண்டும் என்றும் அதே விதி வரையறுக்கிறது. இந்தக் கடைசி வாக்கியத்தைத் தேதி பிடிப்பவர் மனப்பாடமாக வைத்திருக்கிறார். ஏனெனில், உள்ளூரார் எத்தனை பேர் திரண்டாலும் வல்லுநர் இருவர் வராவிடில் அது வெறும் தேநீர் விருந்தே என்பதை அவர் அறிவார்.

ஆகவே அவர் உள்ளூர்த் தலைவரைக் கேட்டுவிட்டு வல்லுநரிடம் போவதில்லை, வல்லுநரைக் கேட்டுவிட்டே தலைவரிடம் போகிறார். "எப்போதுங்க தோதுப்படும்?" என்று கேட்பது புதியவர் செய்யும் பிழை, அதற்கு விடை எப்போதும் "பார்த்துச் சொல்றேனுங்க" என்பதாகவே இருக்கும். இவரோ, "செவ்வாயா, வெள்ளியாங்க ஐயா?" என்று இரண்டே நாள்களை நீட்டி, நாளை மாலைக்குள் பதில் வராவிடில் நாள் கைமாறிவிடும் என்பதையும் பணிவு குறையாமல் சொல்லிவைக்கிறார். இளைய பேராசிரியர் சிலர் தம் கூகுள் காலண்டரைப் பகிர்ந்து, அதில் வெறுமையாக உள்ள நேரமெல்லாம் தம் ஓய்வு நேரமென்று நம்பச் சொல்லும்போது அவர் சிரித்துக்கொள்வார். விடைத்தாள் திருத்தும் முகாமும் மாமன் மகள் சீரும் அந்தக் கட்டங்களில் ஏறுவதில்லை.

வணிகவியல் துறைப் பணியிடத்துக்குப் பன்னிருவர் அழைக்கப்பட்டுள்ளனர் என்றும், வல்லுநர் இருவருக்கு வெள்ளிக்கிழமை பொருந்துகிறது என்றும் கொள்வோம். ஒருவருக்கு நேர்காணல் 20 நிமிடம், மதிப்பெண் இட 5 நிமிடம் எனப் பன்னிருவருக்கு ஐந்து மணி நேரமாகும். உணவுக்கும் தேநீருக்குமாக இன்னொரு மணி, மதிப்பெண்களைத் தொகுத்துக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் அனைவரிடமும் கையெழுத்து வாங்க முக்கால் மணி. பத்தரைக்குத் தொடங்கினால் முடிய ஐந்தேகால் ஆகிவிடும். கோயம்புத்தூர் வல்லுநருக்கோ ஐந்தரைக்குச் சேலத்தில் ரயில். கையெழுத்தை மறுநாள் வாங்கிக்கொள்ளவும் வழியில்லை, தேர்வு நடைமுறை கூட்டத்தன்றே நிறைவுபெறவேண்டும் என்பது விதி. எனவே ஒன்பதரைக்குத் தொடங்கியாகவேண்டும். ஆயினும் பதினொன்றுக்கு முன் கல்லூரியில் கால்வைத்தறியாத தலைவரிடம் இந்தக் கணக்கைச் சொல்வதில் பயனில்லை. தேதி பிடிப்பவர், "வெள்ளிங்க, பத்தரைக்கு ராகுகாலம் வந்துடுதுங்களே" என்று மட்டும் சொல்கிறார். தலைவர் ஒன்பதுக்கே வந்துவிடுகிறார். ராகுவை இவ்வளவு நிர்வாகப் பயனுடன் கையாண்டவர் சோதிடருள்ளும் அரியர்.

அறையைப் பொறுத்தமட்டில் அவர் சற்று நேர்மை குறைந்தவர். வல்லுநர் பதில் சொல்லும்வரை இரு நாள்களுக்கும் கருத்தரங்கக் கூடப் பதிவேட்டில் பென்சிலால் "தற்காலிகம்" என்று எழுதுகிறார். முடிவானபின் செவ்வாயை அழிக்க மறந்துவிடுவதால், அன்று நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் வேப்பமரத்தடியில் கூடுகின்றனர். கருத்தரங்கக் கூடமே வேண்டும் என அவர் அடம்பிடிப்பதற்குக் காரணம் குளிர்சாதனம் அன்று, அதற்கு இரு கதவுகள் இருப்பதே. ஒரே கதவுள்ள அறையில், வெளியேறும் விண்ணப்பதாரர் காத்திருப்பவரிடம் கேள்வியைக் கையளித்துச் செல்வார். நான்காமவர் விடையைக் கேள்வி முடியுமுன்பே தொடங்கும்போதுதான் குழுவுக்கு ஐயம் எழும். பன்னிருவரையும் ஒருசேர அழைக்காமல், ஒன்பதுக்கு அறுவர், பன்னிரண்டரைக்கு அறுவர் என இரு அணியாகப் பிரிப்பதும் இவர் ஏற்பாடே.

வியாழன் இரவு தலைவரின் ஓட்டுநர் தொலைபேசியில் அழைத்து, ஐயா திருச்செங்கோட்டில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போகவேண்டியிருப்பதாகத் தெரிவித்தால், தேதி பிடிப்பவர் பதறுவதில்லை. தலைவருக்குப் பதிலாக நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவரை நியமிக்க விதி இடமளிக்கிறது; அதற்கான கடிதம் திங்களன்றே தட்டச்சாகி, பெயருக்கு மட்டும் இடம்விட்டு, அவர் மேசை இழுப்பறையில் இருக்கிறது.