கூட்டுவதா, கழிப்பதா? – வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: நெடுங்கோட்டுக் கணக்கில் என் வகுப்பு மாணவரிற் பாதிப்பேர், கழிக்க வேண்டிய மணித்தியாலங்களைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். முழுவதையும் பிழையென்று வெட்டிவிடலாமா?
(ஆசிரியை ஒருவர், சவளக்கடை)

பதில்: வெட்டாதீர்கள், அம்மணி! தாங்கள் அனுப்பியிருக்கும் பயிற்சித்தாளை நான் ஆனந்தத்தோடு வாசித்தேன். ஏனெனில் அதிலுள்ள பிழை, பிள்ளையின் சிந்தனை எந்த இடத்தில் வழுக்கியது என்பதைத் தெள்ளெனக் காட்டுகின்ற உத்தமமான பிழை. வினா இதுதான்: கிழக்கு 82½ பாகையில் நண்பகல் 12 மணியாயின், கிழக்கு 45 பாகையில் நேரம் என்ன? இரண்டுக்கும் இடையே 37½ பாகை. பூமி 24 மணித்தியாலத்தில் 360 பாகை சுழல்வதால் ஒரு பாகைக்கு 4 நிமிடம். ஆகவே வித்தியாசம் 150 நிமிடம், அதாவது இரண்டரை மணித்தியாலம். இவ்வளவு தூரம் பிள்ளைகள் குற்றமின்றி வந்துவிட்டார்கள். கடைசி அடியிலேதான், காலை 9.30 என்று எழுத வேண்டியவர்கள் பிற்பகல் 2.30 என்று எழுதிவிட்டார்கள்.

இந்தப் பிழையைத் திருத்துபவர் கண்டுகொள்ள ஓர் அடையாளம் உண்டு. பிள்ளையின் விடைக்கும் சரியான விடைக்கும் உள்ள இடைவெளி, நேர வித்தியாசத்தின் சரி இரட்டிப்பாக இருக்கும்; இங்கே இரண்டரையின் இரட்டிப்பு ஐந்து, 9.30க்கும் 2.30க்கும் இடையே இருப்பதும் ஐந்து. அப்படி இருந்தால், கணக்கு சரி, திசை மட்டும் பிழை. வழிக்குரிய புள்ளிகளைத் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் இரவு 8.30 என்றோ அதிகாலை 3.30 என்றோ எழுதிய பிள்ளை வேறு நோயாளி: அவர் நெடுங்கோடுகளையே கூட்டி 127½ பாகை என்று கொண்டுவிட்டார். இரண்டு நோய்க்கும் ஒரே மருந்து கொடுத்தால் இரண்டும் குணமாகா.

நோயின் மூலம் எதுவென்றால், இந்தக் கணக்கிலே கூட்டலும் கழித்தலும் இரண்டு தனித்தனி இடங்களில் தீர்மானிக்கப்படுகின்றன. முதலிலே பாகைகள்: இரு இடங்களும் கிறீனிச்சுக்கு ஒரே பக்கமாயின் கழிக்க வேண்டும், எதிரெதிர்ப் பக்கமாயின் கூட்ட வேண்டும். பிறகு மணித்தியாலங்கள்: கிழக்கே போனாற் கூட்ட வேண்டும், மேற்கே போனாற் கழிக்க வேண்டும். முதல் தீர்மானத்திற்கும் இரண்டாவதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. மேற்கு 75 பாகையை எடுத்துக்கொள்ளுங்கள். 82½ஐயும் 75ஐயும் கூட்டினால் 157½ பாகை, அதாவது பத்தரை மணித்தியாலம். ஆனால் மேற்கே போகிறோமாகையால் நண்பகல் 12 மணியிலிருந்து அதைக் கழிக்க, அதிகாலை 1.30 வருகிறது. பாகையைக் கூட்டிய கை அதே வேகத்தில் மணியையும் கூட்டி, இரவு 10.30 என்று எழுதிவிடுவதுதான் வகுப்புகள் தோறும் நடப்பது.

சூத்திரத்தை மனனம் செய்விப்பதற்கு நான் பரம விரோதி என்பது இப்பகுதியின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். பிள்ளை முதலில் ஒரு கோடு கீறட்டும். நடுவிலே கிறீனிச், வலப்புறம் கிழக்கு, இடப்புறம் மேற்கு. இரண்டு இடங்களையும் குறித்து, நேரம் தெரிந்த இடத்திலிருந்து தெரியாத இடத்தை நோக்கி ஓர் அம்பு. ஒரு பெருக்கல் செய்வதற்கு முன்பே இந்த அம்பு வந்துவிட வேண்டும். விடை வந்த பிறகு சூரியனை ஒரு கேள்வி கேட்கட்டும்: நீ முதலில் எங்களிடம் வந்தாயா, அரபு நாட்டிற்குப் போனாயா? கல்முனைக் கடலிலிருந்து உதிக்கும் சூரியன் நமக்கு உச்சியிலே நிற்கும்போது அங்கே பிற்பகல் இரண்டரை ஆகிவிட்டதென்றால், அது மேற்கிலே உதித்து இங்கே வந்திருக்க வேண்டும். சூரியன் மேற்கிலிருந்து உதிப்பது கியாமத்தின் அடையாளம் என்று மத்ரஸாவில் ஓதும் பிள்ளை, அந்த விடையைத் தானே அழித்துவிடும்.

கேள்வி: இதற்கு ஒரு குறுக்குவழி சொல்லுங்களேன், சேர்.
(மாணவர் ஒருவர், மருதமுனை)

பதில்: அம்புதான் குறுக்குவழி.

கேள்வி: கொழும்பிலிருக்கும் மகளோடு தொலைபேசியிற் பேசிக்கொண்டிருந்தேன். இங்கே மஃரிபுக்குப் பாங்கு சொல்லியாகிவிட்டது. அங்கே இன்னும் இல்லை. இருவர் கடிகாரமும் ஒன்றுதானே?
(நற்பிட்டிமுனை வாசகர்)

பதில்: கடிகாரம் ஒன்றுதான், சூரியன் கடிகாரம் பார்த்து அஸ்தமிப்பதில்லை. நமது கரை கொழும்புக்கு ஏறத்தாழ 2 பாகை கிழக்கே இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடமாக, ஏறக்குறைய 8 நிமிடம் நாம் முந்துகிறோம். பருவத்தைப் பொறுத்து ஓரிரு நிமிடம் கூடலாம், குறையலாம். கிழக்கே இருப்பவருக்கு நாள் முந்துகிறது என்பதற்கு இதைவிட அழகான பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

கேள்வி: 82½ பாகைக் கோடு இலங்கையில் எந்த ஊர் வழியாகப் போகிறது?
(வியாபாரி ஒருவர், கல்முனை)

பதில்: எந்த ஊர் வழியாகவும் போகவில்லை, நமக்குக் கிழக்கே கடலிலே போகிறது. நம் நியம நேரத்தை அந்தக் கோட்டிலிருந்து நகர்த்தியும் பார்த்தார்கள்: 1996 மே மாதத்தில் மின்சாரத் தட்டுப்பாட்டின்பொருட்டு ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி, அவ்வருடம் ஒக்டோபரில் அரை மணித்தியாலம் திரும்பி, 2006 ஏப்ரிலில் எஞ்சிய அரையையும் கைவிட்டார்கள்.

கேள்வி: உலகம் முழுவதற்கும் ஒரே நேரம் வைத்தால் என்ன?
(பாண்டிருப்பு வாசகர்)

பதில்: சில தேசத்தார் நடுநிசியில் மதிய உணவு உண்ண வேண்டிவரும்.

கேள்வி: என் கணவர் கத்தாரிலே வேலை செய்கிறார். இரவு 9 மணிக்குப் பிள்ளை, "அங்கே இப்போது பதினொன்றரை, வாப்பா உறங்கியிருப்பார்" என்று சொல்லிப் பேசாமல் படுத்துவிடுகிறது. அப்படித்தானா?
(தாய் ஒருவர், சம்மாந்துறை)

பதில்: இல்லை, சகோதரி, அங்கே அப்போது மாலை 6.30. தங்கள் பிள்ளை கழிக்க வேண்டிய இரண்டரை மணித்தியாலத்தைக் கூட்டியிருக்கிறது. அது பயிற்சித்தாளில் ஒரு புள்ளியை மட்டும் இழப்பிக்கும் பிழை. தங்கள் வீட்டிலோ, வேலை முடிந்து வந்து பிள்ளையின் குரலுக்காக விழித்திருக்கும் ஒரு தகப்பனுடைய மாலைப்பொழுதை வெறுமையாக்கிவிடுகிறது. இன்றிரவே பேசச் சொல்லுங்கள். இன்னொன்றும் பிள்ளைக்குச் சொல்லுங்கள்: தோஹா நகரம் ஏறத்தாழ 51½ பாகையில் இருப்பதால், நெடுங்கோட்டை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் இரண்டு மணித்தியாலமும் நாலு நிமிடமுமே வரும். அந்நாடு 45 பாகைக் கோட்டின் நேரத்தைத் தன் நியம நேரமாகக் கொண்டதனாலேதான் வித்தியாசம் இரண்டரையாயிற்று.

கேள்வி: ஒரு மாணவன் கழிப்பதற்குப் பதிலாகக் கூட்டியும் சரியான மணியையே எழுதியிருக்கிறான். முழுப் புள்ளி கொடுக்கலாமா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், நிந்தவூர்)

பதில்: அடடா, வினாவை எழுதியவரல்லவா அகப்பட்டுக்கொண்டார்! தாங்கள் அனுப்பிய வினாவில் ஓரிடம் கிழக்கு 82½, மற்றையது மேற்கு 97½. கூட்டினால் 180 பாகை, சரியாகப் பன்னிரண்டு மணித்தியாலம். பன்னிரண்டைக் கூட்டினாலும் கழித்தாலும் முள் ஒரே இடத்தில்தான் நிற்கும். இங்கே திங்கட்கிழமை பிற்பகல் 4 மணியென்றால், அங்கே திங்கள் அதிகாலை 4 மணி; கூட்டிய மாணவனுக்கும் அதிகாலை 4 மணியே வருகிறது, ஆனால் அவனுடையது செவ்வாய்க்கிழமை. திகதியும் கிழமையும் கேட்காத நேர வினாவை நான் வினாவாகவே ஒப்புக்கொள்வதில்லை என்று பலமுறை எழுதியிருக்கிறேன். கிழமையைக் கேட்டிருந்தால் அவனுடைய கூட்டல் அக்கணமே வெளிப்பட்டிருக்கும். இம்முறை அவன் முழுப் புள்ளியையும் வைத்துக்கொள்ளட்டும், வினா கேட்டதை அவன் தந்துவிட்டான். அடுத்த தாளில் மேற்கு 75ஐயும் கிழமையையும் சேர்த்துக் கேளுங்கள்.