தங்கள் ராஜினாமா ஏற்றுக்கொள்ளப்பட்டது

அன்புள்ள பணியாளர் எண் 40718 அவர்களுக்கு,

தங்கள் ராஜினாமா கிடைத்தது. கனத்த மனத்துடன் ஏற்றுக்கொள்கிறோம். ஆறு ஆண்டு உழைப்புக்கு மனமார்ந்த நன்றி. இந்த நன்றிப் பத்தி எல்லோருக்கும் ஒன்றுதான். உங்களுக்காக ஆண்டு எண்ணிக்கையை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

இனி நோட்டீஸ் காலம் பற்றி. ஒப்பந்தப்படி அது 90 நாள். புதிய இடத்தில் 30 நாளில் சேரச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வேலையை இன்னொருவரிடம் ஒப்படைக்க, நம் மொழியில் கே.டி. கொடுக்க, உங்களுக்கு மூன்று வாரம் போதும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் நீங்கள் நாற்காலியில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடிக்கையாளருக்கு டாலரில் பில் போகிறது. தவிர, 90 நாள் யார் காத்திருப்பார்கள்? உங்களுக்கு வேலை கொடுக்க நினைத்தவரே சலித்துப்போய் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். அதற்காகத்தான் அந்த விதி.

போன வருஷம் உங்கள் பக்கத்து டீமைக் காலையில் கூப்பிட்டுச் சாயங்காலத்துக்குள் ராஜினாமா எழுதி வாங்கினோமே, அப்போது இந்த 90 நாள் எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள். காரணமில்லாமலும் ஒரு மாத நோட்டீஸ் இல்லாமலும் ஆளை நிறுத்தக் கூடாது என்று தமிழ்நாட்டின் 1947-ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் சொல்கிறது. அதனால்தான் நாங்கள் யாரையும் நிறுத்துவதில்லை. அவர்களே விரும்பிப் போகிறார்கள்.

30 நாளில் போயே தீருவேன் என்றால் மீதி 60 நாளுக்குப் பணம் கட்ட வேண்டும். உங்கள் மொத்தச் சம்பளம் மாதம் 60,000. நாளுக்கு 2,000 வீதம் 1,20,000 ரூபாய் எங்களுக்கு வர வேண்டும். உங்கள் கணக்கில் எடுக்காத விடுப்பு 18 நாள் இருக்கிறது. அதற்கும் நாளுக்கு 2,000 என்று மனக்கணக்குப் போட்டிருப்பீர்கள். இல்லை. விடுப்புக்கு அடிப்படைச் சம்பளமான 30,000-தான் கணக்கு. நாளுக்கு 1,000, ஆக 18,000. அதே நீங்கள், அதே நாள். நாங்கள் வாங்கும்போது உங்கள் விலை 2,000, கொடுக்கும்போது 1,000. நிறுத்திவைத்திருக்கும் கடைசி மாதச் சம்பளத்தையும் விடுப்புப் பணத்தையும் சேர்த்தால் 78,000 ஆகிறது. கழித்துப் பார்த்தால் நீங்கள்தான் எங்களுக்கு 42,000 தர வேண்டும். நோட்டீஸ் காலத்தில் விடுப்பு எடுத்தால் கடைசி நாள் அந்த அளவுக்குத் தள்ளிப்போகும்.

பணிக்கொடை 1,03,846 ரூபாய். அடிப்படைச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஆறு ஆண்டுக்குக் கணக்கிட்டது. நோட்டீஸ் பாக்கியை இதில் பிடிக்கச் சட்டம் இடம் தரவில்லை. அந்த வருத்தம் எங்களுக்கு உண்டு. 30 நாளுக்குள் தர வேண்டும் என்பதால் முப்பதாம் நாள் சாயங்காலம் தருவோம்.

மற்ற பாக்கிகள் 45 நாளில் தீரும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பு, ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலை நாளில் சம்பளத்தைத் தீர்க்கச் சொல்கிறதே என்பீர்கள். சட்டம் மத்திய அரசுடையது, சம்பள மென்பொருள் எங்களுடையது.

நாளை முதல் வராமலே இருந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்க யாரோ ஒரு வக்கீல் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். உண்மைதான், உங்களை இழுத்துவந்து உட்கார வை என்று எந்த நீதிமன்றமும் சொல்லாது. நஷ்ட ஈடு கேட்கலாம், அதற்கு நஷ்டம் என்ன என்று நாங்கள் காட்ட வேண்டும். அந்த வம்பு எங்களுக்கு எதற்கு? ரிலீவிங் லெட்டரைக் கொடுக்காமல் இருந்தால் போதும். அந்த ஒற்றைத் தாள் இல்லாமல் புதிய இடத்தில் உங்களைச் சேர்க்கமாட்டார்கள். அங்கிருக்கும் மேலாளரும் என்னைப் போன்றவர்தான். வைப்புநிதிக் கணக்கில் நீங்கள் விலகிய தேதியைப் பதிவு செய்யவும் எங்களுக்கு மறந்துபோகும். கடைசித் தவணை கட்டி இரண்டு மாதம் கழிந்தால் அதை நீங்களே பதிந்துகொள்ளலாம் என்பதை நான் இங்கே குறிப்பிடவில்லை.

கடைசி நாளன்று லேப்டாப், சார்ஜர், அடையாள அட்டை மூன்றையும் ஒப்படைக்கவும். சார்ஜர் தொலைந்திருந்தால் புது விலைக்குப் பிடிக்கப்படும். ஏன் விலகுகிறீர்கள் என்று மனிதவளப் பிரிவிலிருந்து அரைமணி நேரம் கேட்பார்கள். மனம்விட்டுப் பேசுங்கள், யாரும் படிக்கமாட்டார்கள்.

உங்கள் இடத்துக்கு விளம்பரம் கொடுத்துவிட்டோம். 15 நாளுக்குள் சேரக்கூடியவர்கள் மட்டும் விண்ணப்பிக்க வேண்டும் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறோம். தெரிந்தவர்கள் இருந்தால் அனுப்புங்கள். ஆள் பிடித்துத் தருபவருக்கான ஊக்கத்தொகை, நோட்டீஸில் இருப்பவர்களுக்குக் கிடையாது.

இப்படிக்கு,
மேலாளர்