போற ரயிலைச் சொல்லு மருமவனே

ராத்திரி பத்து மணிக்கு போனைப் போட்டு, "மாமா, வளைகாப்புக்கு ஊர்லருந்து ஆளுக வந்து தங்கலாமான்னு ஹவுஸ் ஓனர்ட்ட கேக்கலாமா, வேண்டாமா?"ன்னு கேட்டியே, எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை மருமவனே. பொண்ணு பாக்கப் போனப்பகூட நீ இம்புட்டு நடுங்கலியே. சரி, சொல்லுதேன். பேனா இருந்தா எடுத்துக்கோ. நீ எழுத மாட்டே, தெரியும். ஒம் பொஞ்சாதியையாவது எழுதச் சொல்லு.

முதல்ல பீரோவுக்குள்ள கிடக்க அந்தப் பதினோரு மாச அக்ரிமெண்டை எடு. கையெழுத்துப் போட்ட அன்னைக்குப் பாத்தது, பிறவு நீ அதைத் தொட்டே இருக்க மாட்டே. "உள்வாடகைக்கு விடக் கூடாது"ன்னு ஒரு வரி இருக்கும். அதைப் பாத்துப் பயந்துறாத. வாடகை வாங்கிட்டு ஒருத்தனுக்கு எடத்தை விட்டாத்தான் உள்வாடகை. நான் ஒன் வீட்டுக்கு வந்தா ஒத்தப் பைசா தர மாட்டேன்னு ஊருக்கே தெரியும். அதனால நான் விருந்தாளிதான், சந்தேகமே இல்லை. ஆனா, "குடும்பத்தார் தவிர வேற யாரும் தங்கணும்னா எழுத்துல சம்மதம் வாங்கணும்"னு தனியா ஒரு வரி இருக்கான்னு பாரு. இருந்தா வாய்ப்பேச்சு போதாது.

2017ல போட்ட வாடகைச் சட்டம் ஒண்ணு இருக்கு. நடைமுறைக்கு வந்தது 2019 பிப்ரவரியில. அதோட முழுப் பேரைச் சொல்லி முடிக்கதுக்குள்ள ஒரு மாச வாடகை ஏறிரும், அம்புட்டு நீளம். கோவம் வந்துச்சுன்னு ஓனரு தண்ணியையும் கரண்டையும் நிறுத்தக் கூடாதுன்னு அதுல இருக்கு. இதைத் தெரிஞ்சு வச்சுக்கோ. ஆனா வாயைத் தொறந்து சொல்லிறாத. சட்டம் பேசிட்டு வந்து கோலம் போட்டா அந்தக் கோலம் நேரா நிக்காது.

இப்ப விசயத்துக்கு வருவோம். "சார், சொந்தக்காரங்க கொஞ்சம் பேர் வந்து தங்கலாமா?" இப்படித்தானே கேக்கதா இருந்தே? அந்தக் "கொஞ்சம்" இருக்கே, அதுதான் வெசம். நீ பதினாலு பேரை நெனச்சுச் சொல்லுத. அவருக்கு ஒரு லாரி ஆளு, ரெண்டு ஆடு, ஒரு மேளம்னு கண்ணுக்குள்ள ஓடும். அதோட ஒரு நாளா, ஒரு வாரமான்னு தெரியாது. வாரவனைப் பத்தி எந்த ஓனருக்கும் கவலை கிடையாது, போகாதவனைப் பத்தித்தான். மதுரையில நான் குடியிருந்தப்ப ரெண்டு நாளுன்னு வந்த எங்க பெரியப்பா, ஆஸ்பத்திரிக்குப் போகணும், அழகர் ஆத்துல இறங்குததைப் பாக்கணும்னு பதினோரு நாள் இருந்தாரு. பன்னெண்டாம் நாள் ஓனரு என்னைப் பாத்து, "உங்க பெரியப்பாவுக்குத் தனியா ஒரு அக்ரிமெண்ட் போட்டுரலாமா?"ன்னாரு. அன்னைக்கு வாயடைச்சவன்தான் நான்.

அடுத்து தண்ணி. ஒன் மாடியில இருக்கது ஆயிரம் லிட்டர் டேங்கு. ஒனக்கும் அதுதான், கீழ குடியிருக்க ஓனரு வீட்டுக்கும் அதுதான். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்னு அரசாங்கம் ஒரு கணக்கு வச்சிருக்கு. நீங்க ரெண்டு பேரு, கீழ நாலு பேரு, மொத்தம் 810 லிட்டர். ஒரு டேங்குல பொழுது போயிரும். எங்க பதினாலு பேரும் வந்தா 2,700. ஏறக்குறைய மூணு டேங்கு! அதுவும் நாள் பூரா பரவலாவா செலவாகும்? வளைகாப்பு அன்னைக்கு, ஞாயித்துக்கிழமை விடியக்காலம் அஞ்சுலருந்து ஏழுக்குள்ள பதினாலு பேரும் தலைமுழுகுவாக. ஆளுக்கு ரெண்டு பக்கெட்டுன்னாலே 560 லிட்டர். ஆறரை மணிக்குக் கீழ ஓனரு மூஞ்சியில சோப்பைப் போட்டுக்கிட்டுக் குழாயைத் திருப்புவாரு. காத்துதான் வரும். அந்த நேரத்துல அவரு வாய்ல வாரது ஒன் பிள்ளைக்கு ஆசீர்வாதமா இருக்காது.

கக்கூஸ் வேற ஒண்ணே ஒண்ணு. ஆளுக்கு எட்டு நிமிசம்னு வையி. பதினாலு பேருக்கு ரெண்டு மணி நேரத்துக்கு எட்டு நிமிசம்தான் கொறை. ஒன் சித்தப்பன் ஒருத்தரே அரை மணி நேரம் பேப்பர் படிப்பாரு, அது தனிக் கணக்கு.

அதனால கேக்குததுக்கு முன்னாலயே ஆளைப் பிரி. பொம்பளையாளுக ஆறு பேரும் வீட்டுல. ஆம்பளையாளுக எட்டு பேருக்குப் பக்கத்துல லாட்ஜு. எல்லாரையும் ஆதார் கார்டோட வரச் சொல்லு, இல்லேன்னா அந்த கவுண்டர்ல நின்னு ஒன் மானத்தை வாங்குவாக. சனிக்கிழமை ராத்திரிக் கறிச்சோறும் லாட்ஜுப் பக்கத்து ஓட்டல்லயே முடிஞ்சுரணும். ஒன் ஓனரு முட்டைகூட சாப்பிட மாட்டாருன்னு சொன்னியே, மறந்துறாத. வளைகாப்புக்குப் புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தயிர்ச்சோறுன்னு கலவைச் சோறுதான், அதுல வம்பு இல்லை. அதையும் வெளிய சொல்லி எறக்கிரு, மாடியில அடுப்பு வேண்டாம்.

இப்ப கணக்கைப் பாரு. வீட்டுல பன்னெண்டு பேரு, 1,620 லிட்டர். சனிக்கிழமை ராத்திரி ஒரு தடவை, ஞாயித்துக்கிழமை காலையில நாலரைக்கு ஒரு தடவை மோட்டார் போட்டா முடிஞ்சுது. 200 லிட்டர் டிரம்மு ஒண்ணு வாடகைக்கு எடுத்து மொத நாளே நெரப்பி வச்சுக்கோ, ஆபத்துக்கு உதவும். மோட்டார் ஓடுன கரண்டுக் காசை நீயே முந்திக்கிட்டுச் சொல்லு. வாங்குதாரோ இல்லையோ, சொன்னது காதுல விழணும்.

கேக்கப் போகும்போது தனியாப் போகாத. பொஞ்சாதியையும் கூட்டிட்டு, வெத்தலை பாக்கு, பழத்தட்டோட போ. ஓனரம்மாவைப் பாத்து, "மொத வளையலை நீங்கதான்க்கா போட்டு விடணும்"னு ஒம் பொஞ்சாதி சொல்லட்டும். அந்தம்மா முகம் மலர்ந்த பொறவு நீ வாயைத் தொறந்தாப் போதும். முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால நீட்டிறாத.

வீட்டுக்கு வந்ததும் போன்ல ஒரு செய்தி அனுப்பிரு: "சார், பேசினபடி சனிக்கிழமை காலை ஆறு பெண்கள் வருகிறார்கள். ஒரு ராத்திரி மட்டும் தங்குகிறார்கள். ஞாயிறு சாயங்காலம் எழும்பூரில் ரயில். ஞாயிறு காலை நாலரை மணிக்கு மோட்டார் போட்டுக்கொள்கிறோம். சரிதானே சார்?" அவரு "சரி"ன்னு போட்டுட்டா அதுதான் எழுத்து. கட்டை விரலை மட்டும் தூக்கிக் காட்டுனாருன்னா விடாத, சாயங்காலம் கீழ எறங்கிப் போயி வாயால ஒரு தடவை கேட்டு, "சரி"ன்னு எழுத்துலயும் வாங்கிரு. வேண்டாம்னு சொல்லிட்டாருன்னா மல்லுக்கட்டாத. வீட்டுல விசேசத்தை மட்டும் வச்சுக்கிட்டு, பொம்பளையாளுகளுக்கும் அதே லாட்ஜுல ரெண்டு ரூம் போட்டுரு. ஒரு ராத்திரிக்காக வீட்டை மாத்துத செலவுக்கு நிக்காத.

ரிட்டன் டிக்கெட்டை இன்னைக்கே போட்டுரு, முத்துநகர்ல எடம் சீக்கிரம் போயிரும். அந்த டிக்கெட்டை ஓனருட்டக் காட்ட வேண்டியதில்லை, பேச்சோட பேச்சா ரயில் பேரைச் சொன்னாப் போதும்.

லாட்ஜுக்குப் போற எட்டு பேருல நானும் ஒருத்தன். ஏசி எல்லாம் வேண்டாம், கீழ் மாடியில ரூம் போடு. மாமன் முழங்கால் ரெண்டும் போன வருசமே காலி பண்ணுதோம்னு நோட்டீஸ் குடுத்துட்டு.